‘சொல்றார்கள்’ யாருடைய தமிழ்? பேச்சு விகுதியும் எழுத்து விகுதியும் ஒரே வாக்கியத்தில் கலந்தால் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

‘நீர்நிலைகளை ஆக்கிரமிக்கிறவங்க மீது அரசு கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ கட்டுரைப் போட்டியிலோ தேர்வுத் தாளிலோ இப்படி ஒரு வாக்கியம் வந்தால் பொருள் எல்லோருக்கும் புரியும். ‘ஆக்கிரமிப்பு’, ‘நடவடிக்கை’ என்று நாளிதழ்ச் சொற்கள்தான் நிறைந்திருக்கின்றன. இருந்தாலும் படிக்கிறவரின் கண் ‘ஆக்கிரமிக்கிறவங்க’ என்ற இடத்தில் தட்டி நிற்கும். அந்தச் சொல்லின் முற்பாதி எழுத்து, பிற்பாதி பேச்சு. அதன் பிறகு வருகிற ‘எடுக்க வேண்டும்’ மறுபடியும் எழுத்து.

முறையான கட்டுரை இந்தக் கலப்பைப் பொறுக்குமா? பொறுக்காது. ஆனால் எதைப் பொறுக்காது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். பேச்சுத் தமிழின் வாடையே கூடாது என்று எண்ணிக்கொண்டு உயிருள்ள சொற்களையெல்லாம் களைந்துவிடுகிறார்கள். களைய வேண்டிய விகுதியைத் தங்கவிடுகிறார்கள். ‘அதிகாரிகள் மனுவை இழுத்தடிக்கிறார்கள்’ என்று எழுதுங்கள்; ‘இழுத்தடிப்பது’ பேச்சில் பிறந்த சொல் என்றாலும் எந்தத் திருத்துநரும் அதைச் சுழிக்கமாட்டார். ‘அதிகாரிகள் காலதாமதம் செய்யுறாங்க’ என்று எழுதிப் பாருங்கள். சொல் கனமானதுதான், வாக்கியம் தேறாது. கட்டுரை பேச்சுச் சொல்லுக்கு இடம் கொடுக்கும். பேச்சு விகுதிக்குக் கொடுக்காது.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு ஊர் அதிகம் மாறுவது சொல்லின் வால்தான். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது ஒருவர் வாயில் ‘வந்துக்கிட்டு இருக்காங்க’, இன்னொருவர் வாயில் ‘வந்துட்டு இருக்காங்க’, யாழ்ப்பாணத்தில் ‘வந்துகொண்டிருக்கினம்’. ‘வா’ என்ற வேர் எங்கேயும் அதேதான். எழுத்து விகுதி எவர் வாயிலும் அன்றாடம் புழங்காத வடிவம் என்பதால்தான் எல்லோருக்கும் பொதுவாக நிற்கிறது. பேச்சு விகுதி எழுதுகிறவரை ஏதோ ஓர் ஊருக்கு, ஒரு வீட்டுக்கு உரியவராக்கிவிடும். கதைக்கும் நினைவுக் குறிப்புக்கும் அது பலம். வாதத்தை முன்வைக்கும் கட்டுரைக்கு அது வேண்டாத சுமை.

பள்ளிப் பாடநூல்களில் ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்ற பயிற்சி உண்டு. அதில் பெரும்பாலும் முழுக்கப் பேச்சில் அமைந்த வாக்கியத்தையே தருவார்கள், மாற்றுவதும் எளிது. நிஜத் தாளில் வருவது பாதி மாறிய வாக்கியம், அதுதான் கண்ணுக்குத் தப்பும். அப்படி ஒரு பத்தியை இங்கே கட்டி வைத்திருக்கிறேன். கிராமத்துக் கண்மாயைப் பற்றி ஒரு மாணவர் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

‘எங்கள் ஊர்க் கண்மாயில் முன்பெல்லாம் சித்திரையிலும் தண்ணீர் கிடந்துச்சு என்று பெரியவர்கள் சொல்றார்கள். இப்போது மழை பெய்தாலும் தண்ணீர் தங்காம வடிந்துவிடுகிறது. வரத்துக்கால்களை அடைச்சு வீடு கட்டிவிட்டதால் மடைகள் எல்லாம் பாழாகிவிட்டது. ஊர்க்காரர்கள் பலமுறை அதிகாரிகள்கிட்ட மனு கொடுத்தும் யாரும் வந்து பார்க்கலை. நிதி வந்தா தூர்வாருவோம்ன்னு சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று என் தாத்தா கூறினார்.’

ஐந்து வாக்கியம். ஐந்திலும் கலப்பு இருக்கிறது, ஆனால் ஒரே வகையான கலப்பு அல்ல. அதனால் ஒரே மூச்சில் திருத்தாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வகையை மட்டும் தேடுங்கள்.

முதல் சுற்று: முற்றுகள்

ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசி வினையை மட்டும் அடிக்கோடிடுங்கள். யார், எத்தனை பேர், எப்போது என்ற மூன்றையும் தமிழில் அந்த ஒரு சொல் சுமக்கிறது. அங்கே பேச்சு நுழைந்தால் வாக்கியம் முழுவதும் பேச்சாகத் தொனிக்கும். நம் பத்தியில் அடிக்கோடு விழுவது ‘சொல்றார்கள்’, ‘வடிந்துவிடுகிறது’, ‘பாழாகிவிட்டது’, ‘பார்க்கலை’, ‘கூறினார்’ ஆகிய ஐந்துக்கு. இவற்றோடு ‘என்று’ என்பதற்கு முன்னால் நிற்கும் வினைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கிடந்துச்சு’ அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

‘கிடந்துச்சு’ கிடந்தது ஆகும். ‘பார்க்கலை’ பார்க்கவில்லை ஆகும். இரண்டும் நேரான மாற்றம். நின்று பார்க்க வேண்டியது ‘சொல்றார்கள்’.

பேச்சில் ‘சொல்றாங்க’, எழுத்தில் ‘சொல்கிறார்கள்’. ‘சொல்றார்கள்’ இரண்டிலும் இல்லை. வாய் தந்த நடுப்பகுதியில், பள்ளி தந்த விகுதியை எழுதுகிறவர் ஒட்டவைத்திருக்கிறார். ‘ஆர்கள்’ என்று முடிந்துவிட்டதால் எழுத்துத் தமிழ்தான் என்று அவர் நிம்மதியாகக் கடந்துவிடுவார். நிகழ்காலம் காட்டும் இடைநிலைகளாக நன்னூல் சொல்வது மூன்று: ஆநின்று, கின்று, கிறு. வெறும் ‘ற்’ அந்தப் பட்டியலில் இல்லை. சொல்லப்போனால் ‘ற்’ என்பதை நன்னூல் இறந்தகாலத்துக்கு வைத்திருக்கிறது. ‘சென்றார்’, ‘நின்றார்’ என்பவற்றில் இருப்பது அதுதான். ஆக ‘சொல்றார்கள்’ என்பதில் விகுதி சரி, பிழை நடுவில். ‘செய்யுறார்கள்’, ‘வந்துட்டார்கள்’, ‘படிச்சார்கள்’ ஆகியவையும் இதே குடும்பம். விகுதியை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்திய எழுத்தையும் பாருங்கள்.

‘கிற’, ‘கின்ற’ இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் அது கலப்பு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது, இரண்டுமே எழுத்து வழக்கு. ‘மாடு மேய்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் ‘மாடுகள் மேய்கின்றன’ என்று எழுதுவது கட்டாயமும்கூட. ‘மேய்கிறன’ என்று ஒரு வடிவம் கிடையாது. கட்டுரையை உயர்த்துவதாக எண்ணி எல்லா இடத்திலும் ‘கின்ற’ போடுவது தேவையற்ற வேலை. நடை கனத்துப்போகும்.

இரண்டாம் சுற்று: வாக்கியத்தின் நடுப்பகுதி

முற்றுகளைத் திருத்தியதும் பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். எச்சங்கள் அப்படியே கிடக்கும். நம் பத்தியில் ‘தங்காம’, ‘அடைச்சு’, ‘வந்தா’ மூன்றும் அப்படித் தங்கியவை. இவை தங்காமல், அடைத்து, வந்தால் என்று ஆக வேண்டும். பேச்சில் சொல்லின் கடைசி ‘ல்’ விழுந்துவிடுவதுதான் இங்கே பெரும்பாலான பிழைக்குக் காரணம். ‘அதனால’, ‘முன்னால’, ‘இல்லாம’, ‘போனா’ எல்லாவற்றிலும் தொலைந்தது அந்த ஒரே எழுத்து.

எச்சத்தைத் திருத்தும்போது சந்தியும் கூடவே மாறலாம் என்பதை மறக்க வேண்டாம். ‘வச்சு கொடுத்தார்’ என்பதை ‘வைத்து கொடுத்தார்’ என்று மாற்றினால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. ‘வைத்துக் கொடுத்தார்’ என்று வல்லினம் மிக வேண்டும். ஆனால் ‘செஞ்சு கொடுத்தார்’ ‘செய்து கொடுத்தார்’ என்றுதான் ஆகும், அங்கே மிகாது. ‘த்து’, ‘ட்டு’, ‘ற்று’ என்று வல்லின இரட்டையில் முடியும் எச்சத்துக்குப் பின் மிகும். ‘ந்து’, ‘ன்று’, ‘ய்து’ என்று முடிவதற்குப் பின் மிகாது.

வேற்றுமை உருபுகளையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். ‘அதிகாரிகள்கிட்ட’ என்பது ‘அதிகாரிகளிடம்’. ‘கண்மாய்ல’ என்றிருந்தால் ‘கண்மாயில்’. ‘ஊர்க்காரங்களோட’ என்றிருந்தால் உடைமைப் பொருளில் ‘ஊர்க்காரர்களுடைய’, உடனிருப்புப் பொருளில் ‘ஊர்க்காரர்களோடு’. பேச்சில் ‘ஓட’ ஒன்றே இரண்டு வேலையையும் செய்கிறது. எழுத்தில் எது என்று தீர்மானித்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் சுற்று: வடிவம் எழுத்து, இலக்கணம் பேச்சு

‘மடைகள் எல்லாம் பாழாகிவிட்டது.’ இதில் ஒரு சொல்கூடப் பேச்சு வடிவம் இல்லை. பிழைதிருத்தி மென்பொருளும் இதைத் தட்டாமல் விட்டுவிட வாய்ப்புண்டு. ‘பாழாகிவிட்டது’ நல்ல சொல்தானே. கலப்பு இருப்பது எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில். நாம் பேசும் தமிழில் அஃறிணைப் பன்மைக்கென்று தனி வினை வடிவம் இல்லை. ஒரு மரம் விழுந்தாலும் ‘விழுந்துச்சு’, நூறு மரம் விழுந்தாலும் ‘விழுந்துச்சு’. அந்தப் பழக்கம் எழுத்து உடுப்பு மாட்டிக்கொண்டு வந்தால் ‘மரங்கள் விழுந்தது’ ஆகிறது. எழுத்து வழக்கில் மரங்கள் விழுந்தன, மடைகள் பாழாகிவிட்டன.

என் கணிப்பில் இன்று அச்சில் அதிகம் தப்பிவரும் கலப்பு இதுதான். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஏழெட்டுச் சொற்கள் புகுந்துவிட்டால் கைதேர்ந்தவர்களும் தடுமாறுவார்கள். ‘வரத்துக்கால்கள் பல ஆண்டுகளாகத் தூர்வாரப்படாமல் முட்செடி மண்டிக் கிடக்கிறது’ என்ற வாக்கியத்தில் ‘வரத்துக்கால்கள்’ என்று தொடங்கியதைக் ‘கிடக்கிறது’ வருவதற்குள் மறந்துவிடுகிறோம். இதற்கு ஒரே வழி, ‘கள்’ என்று முடியும் ஒவ்வோர் அஃறிணை எழுவாயையும் அதன் வினையோடு நேராக ஒட்டிப் படிப்பது. நடுவில் உள்ளதை விட்டுவிடுங்கள். ‘வரத்துக்கால்கள் கிடக்கிறது’ என்று சேர்த்த மாத்திரத்தில் இடிக்கும்.

உயர்திணையில் சிக்கல் வேறு மாதிரி. ‘அம்மா சொன்னாங்க’ என்பதை எழுதும்போது ‘சொன்னார்’, ‘சொன்னாள்’, ‘சொன்னார்கள்’ என்று மூன்று வழி திறக்கிறது. மூன்றும் எழுத்து வழக்கே. முறையான கட்டுரையில் ‘சொன்னார்’ போதும். பக்கத்துக்குப் பக்கம் மாற்றாமல் ஒன்றையே பிடித்துக்கொள்வதுதான் தேவை. ‘அல்ல’, ‘அன்று’ வேறுபாட்டை நான் இங்கே வலியுறுத்தமாட்டேன். ஒருமைக்கு ‘அன்று’ என்பதே இலக்கணம் என்றாலும், நாளிதழும் நூலும் இரண்டுக்கும் ‘அல்ல’ என்று எழுதி நெடுநாள் ஆகிவிட்டது.

நான்காம் சுற்று: பிறர் பேச்சு

கடைசி வாக்கியம் மிச்சமிருக்கிறது: ‘நிதி வந்தா தூர்வாருவோம்ன்னு சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று என் தாத்தா கூறினார்.’ இதில் அதிகாரியின் பேச்சு ஒன்று, தாத்தாவின் பேச்சு ஒன்று, கட்டுரையாளரின் குரல் ஒன்று. ஒரே வாக்கியத்தில் பேச்சு விகுதிக்கு நியாயமான இடம் உண்டென்றால் அது இங்கேதான். ஆனால் எல்லை தெளிவாக இருக்க வேண்டும்.

அதிகாரி சொன்னதை அவர் வாய்மொழியாகவே தர விரும்பினால் முழுவதையும் மேற்கோள் குறிக்குள் வையுங்கள்: ‘நிதி வந்தா தூர்வாருவோம், போங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டதாக என் தாத்தா கூறினார். குறிக்குள்ளே எல்லாம் பேச்சு, குறிக்கு வெளியே எல்லாம் எழுத்து. ‘நிதி வந்தால் தூர்வாருவோம், போங்க’ என்று குறிக்குள்ளேயே கலந்தால், அந்த அதிகாரி வாக்கியத்தின் முதல் பாதியை மேடையிலும் மறுபாதியைத் தெருவிலும் பேசியதுபோல் ஆகிவிடும். வாய்மொழி தேவையில்லை என்றால் சாரத்தை மட்டும் எழுத்து வழக்கில் தரலாம்: நிதி வந்தால் தூர்வாருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேர்வுத் தாளில் இந்த இரண்டாவது வழியே பாதுகாப்பானது. போட்டிக் கட்டுரையில் முதல் வழியை ஓரிடத்தில் பயன்படுத்தினால் ‘போங்க’ என்ற ஒரு சொல்லே அதிகாரியின் அலட்சியத்தைக் காட்டிவிடும். அடிக்கடி செய்தால் கட்டுரை கதையாகிவிடும்.

இரண்டு குரல்களும் ஒட்டும் இடத்தில் உட்காருவது ‘ன்னு’. அது குறிக்கு வெளியே நிற்பதால் கட்டுரையாளரின் சொல்லாகிறது. எனவே எப்போதும் ‘என்று’தான். ‘வேண்டும்ன்னு’ என்பது ‘சொல்றார்கள்’ போலவே இருபுறமும் சேராத வடிவம். ‘என்று’ அடுக்கடுக்காக வந்து உறுத்தினால் மேலே செய்ததுபோல் ஒன்றை ‘ஆக’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

பழமொழியையும் பிறர் பேச்சாகவே எண்ணலாம். ‘கழுதை கெட்டா குட்டிச்சுவரு’ என்பதைக் கட்டுரையில் ‘கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள்’ என்று எழுதினால் எந்தச் சுவையும் குறைவதில்லை. நாட்டுப்புறப் பாடல் அப்படி இல்லை; விகுதியைத் திருத்தினால் சந்தம் உடையும். அதைப் பாடியபடியே குறிக்குள் கொடுங்கள்.

ஐந்தாம் சுற்று: அளவுக்கு மீறித் திருத்தியிருக்கிறோமா?

பேச்சின் ‘ச்ச’ எழுத்தில் ‘த்த’ ஆகும், ‘ஞ்ச’ என்பது ‘ந்த’ அல்லது ‘ய்த’ ஆகும் என்று கற்றுக்கொண்டதும் கை ஓட ஆரம்பிக்கும். படிச்சார் படித்தார், முடிஞ்சது முடிந்தது, செஞ்சார் செய்தார். அதே ஓட்டத்தில் ‘வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்’ என்பதும் கொச்சையோ என்று சந்தேகம் வரும். அது கொச்சை அல்ல. ‘காய்ச்சினார்’, ‘கெஞ்சினார்’, ‘மிஞ்சியது’ ஆகியவையும் அல்ல.

வேறுபாடு காண ஏவல் வடிவத்தைச் சொல்லிப் பாருங்கள். ‘படி’ என்று ஏவுகிறோம். ‘ச்ச’ காணாமல் போகிறது, எனவே அது காலத்தோடு வந்த பேச்சு வடிவம், மாற்ற வேண்டும். ‘பாய்ச்சு’ என்றுதான் ஏவுகிறோம்; ‘ச்ச’ அப்படியே நிற்கிறது, எனவே அது வேரில் உள்ளது, தொடக்கூடாது. ‘முடி’, ‘செய்’ என்பவற்றில் ‘ஞ்ச’ இல்லை. ‘கெஞ்சு’, ‘மிஞ்சு’ என்பவற்றில் இருக்கிறது. ‘விட்டு’ என்பதைத் திணிக்கும்போதும் கவனம் வேண்டும். ‘போயிட்டு வந்தார்’ என்பது ‘போய்விட்டு வந்தார்’. ‘சாப்பிட்டு வந்தார்’ என்பதோ ஏற்கெனவே எழுத்து வழக்கு, அதில் தொலைந்துபோன ‘விட்டு’ எதுவும் இல்லை.

இன்னொரு மிகைத்திருத்தம் சொற்களில் நடக்கிறது. ‘கண்மாய்’ என்பதை ‘நீர்நிலை’ என்றும், ‘மடை’யை ‘நீர் வெளியேறும் வழி’ என்றும், ‘தண்ணீர் கிடந்தது’ என்பதை ‘நீர் இருப்பு காணப்பட்டது’ என்றும் மாற்றத் துடிக்கிறவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். அவை அந்த ஊர்க்காரர்கள் நாவில் உள்ள சரியான சொற்கள். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரமே ‘வழக்கும் செய்யுளும்’ என்று மக்கள் வழக்கை முன்னால் வைக்கிறது. நன்னூலும் தஞ்சாவூர் தஞ்சையானது போன்ற திரிபை மரூஉ என்று இயல்பு வழக்கில் சேர்த்துக்கொள்கிறது. இதைக் காட்டி ‘இருக்கு’, ‘வந்துச்சு’ என்பவற்றையும் கட்டுரையில் விடலாமே என்று வாதாடுவோர் உண்டு. மரூஉ என்பது எல்லோரும் ஏற்று நிலைத்துவிட்ட தனிச்சொல். மாவட்டம் தாண்டினால் மாறிவிடும் விகுதிக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

ஐந்து சுற்றும் முடிந்தபின் பத்தி இப்படி நிற்கும்:

‘எங்கள் ஊர்க் கண்மாயில் முன்பெல்லாம் சித்திரையிலும் தண்ணீர் கிடந்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது மழை பெய்தாலும் தண்ணீர் தங்காமல் வடிந்துவிடுகிறது. வரத்துக்கால்களை அடைத்து வீடு கட்டிவிட்டதால் மடைகள் எல்லாம் பாழாகிவிட்டன. ஊர்க்காரர்கள் பலமுறை அதிகாரிகளிடம் மனு கொடுத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை. “நிதி வந்தா தூர்வாருவோம், போங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டதாக என் தாத்தா கூறினார்.’

ஒரு சொல்லும் உயர்த்தப்படவில்லை, வடிவங்கள் மட்டுமே மாறியிருக்கின்றன. அதிகாரியின் பேச்சில் சேர்ந்த ‘போங்க’ மட்டும் கூடுதல். உண்மையில் அவர் அப்படிச் சொல்லியிருந்தால்தான் அதைச் சேர்க்கலாம்.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு

உரக்கப் படித்தால் பிழை தெரியும் என்பார்கள். இந்தப் பிழைக்கு அது உதவாது. தாளில் ‘தங்காம’ என்று இருந்தாலும் ‘தங்காமல்’ என்று இருந்தாலும் வேகமாகப் படிக்கும் நாக்கு ஒன்றாகவே ஒலிக்கும். கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியம் நோக்கிப் பின்னோக்கிப் படிப்பது மேல். கருத்தின் ஓட்டம் அறுந்துவிடுவதால் கண் வடிவத்தைப் பார்க்கும்.

தேடல் வசதியையும் பயன்படுத்தலாம். ‘ன்னு’, ‘ச்சு’, ‘ங்க’, ‘கிட்ட’ என்று நான்கையும் தனித்தனியே தேடுங்கள். அகப்படுவதையெல்லாம் மொத்தமாக மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். ‘ன்னு’ தேடினால் ‘இன்னும்’, ‘முன்னுரை’ வரும். ‘ச்சு’ தேடினால் ‘பேச்சு’, ‘மூச்சு’ வரும். ‘ங்க’ தேடினால் ‘வாங்க வேண்டும்’, ‘தூங்கினார்’ வரும். ‘கிட்ட’ தேடினால் ‘கிட்டத்தட்ட’ வரும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கடக்க வேண்டும். ‘இல்லாம’, ‘வந்தா’ போன்றவையும் ஒருமை பன்மைப் பிழையும் தேடலில் சிக்காது. அவற்றுக்குக் கண்தான்.

எங்கே தளர்த்தலாம்?

தேர்வு, ஆய்வேடு, விண்ணப்பம், நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஆகியவற்றில் மேற்கோளுக்கு வெளியே தளர்வு இல்லை. பத்திரிகைப் பத்தி, அனுபவக் கட்டுரை, முகவுரை ஆகியவற்றில் எழுதுகிறவரின் குரலே சரக்கு என்பதால் கொஞ்சம் இடம் உண்டு. அங்கேயும் அலகு முழு வாக்கியம்தான். எழுத்துத் தமிழில் நான்கு வாக்கியம் நடந்து, ஐந்தாவதாக ‘யாரு கேட்டா?’ என்று ஒரு வாக்கியம் தனித்து வந்தால், வேண்டுமென்றே வைத்தது என்று படிக்கிறவருக்குத் தெரியும். ‘கண்மாயைத் தூர்வாரச் சொல்லி ஊரே மன்றாடியது, யாரு கேட்டார்கள்?’ என்று ஒரே வாக்கியத்துக்குள் போட்டால் எழுதியவர் சறுக்கிவிட்டார் என்றே நினைப்பார். ‘மன்றாடியது’ என்பதோடு நிறுத்தி முற்றுப்புள்ளி வையுங்கள்; ‘யாரு கேட்டா?’ அடுத்த வாக்கியமாகத் தனியே வரட்டும்.